முன்பணம் வாங்காத டியூஷன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரிலிருந்து ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறவர்களுக்கு இது. மாணவர் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் ஓர் அம்மா நல்லபடியாகச் சொன்னால் போதும். பணம் கரைவது ரத்தாகும் வகுப்பில்தான்.

மணிக்கு 30 வெள்ளி, வாரம் ஒரு வகுப்பு என்றால் மாதம் 120. வகுப்பு முடிந்தபின் வாங்கினால், திருவிழா, காய்ச்சல் என்று இரண்டு வகுப்பு போனதும் கையில் 60தான். அந்த நேரத்துக்கு வேறு பிள்ளையையும் சேர்த்திருக்க முடியாது. ஆகவே நான்கு வகுப்புக்கு முன்பணம், 8ஆம் தேதி. போன மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; 1ஆம் தேதி கேட்டால் இழுபறிதான்.

24 மணி நேரத்துக்கு முன்பே சொன்னால் மாற்று வகுப்பு, மாதம் ஒருமுறை மட்டும். தாமதமாகச் சொன்னால் கட்டணம் போனதுதான். மழையில் உங்கள் லைன் போனால் மட்டும் முழு மாற்று வகுப்பு கொடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம். ஐந்தாவது வாரம் வரும் மாதம் இதற்குத் தோது.

முன்னோட்ட வகுப்பு 30 நிமிடம், 10 வெள்ளி. சேர்ந்தால் முதல் மாதத்தில் கழித்துவிடலாம். இலவசம் என்றால் டீச்சர் டீச்சராகச் சுற்றுகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். விதிகளை அன்றைக்கே அனுப்பி, “சரி” என்று பதில் வந்தபிறகு பணம் வாங்குங்கள்.