11104 என்றால் எந்த வீடு?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். ஃபில்டர் மாற்றுவதோ மெம்ப்ரேன் மாற்றுவதோ பெரிய விஷயமில்லை. நாவலூர், சிறுசேரி, படூர் பக்கம் இருக்கும் பெரிய பெரிய குடியிருப்புகளில் கேட்டைத் தாண்டிய பிறகு சரியான வீட்டு வாசலில் போய் நிற்பதற்குத்தான் நேரம் போகிறது. ஒரே பெயிண்ட், ஒரே பால்கனி, ஒரே உயரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கட்டடம்தான்.

மேப் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடும், அதோடு சரி. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் ஜிபிஎஸ் புள்ளி பக்கத்து டவருக்குத் தாவிவிடும். 2025-ல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் என்ற டிஜிட்டல் முகவரிக் குறியீடு ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்தையே காட்டுகிறது, நல்ல விஷயம்தான், ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அத்தனை மாடிக்கும் அதே பத்து எழுத்துக் குறியீடுதான் வரும். ஆக, கேட்டுக்கு உள்ளே போனால் வீட்டு எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒருமுறை வந்த புக்கிங்கில் முகவரி வெறும் 11104 என்று இருந்தது. டவருக்கும் வீட்டு எண்ணுக்கும் நடுவே கோடு இல்லை, இடைவெளி இல்லை. டவர் 1, பதினோராம் மாடி, நாலாவது வீடு என்றும் படிக்கலாம். டவர் 11, முதல் மாடி, நாலாவது வீடு என்றும் படிக்கலாம். அந்த வளாகத்தில் இரண்டு வீடுமே உண்டு, ஒன்று முன் கேட் பக்கம், இன்னொன்று பின்னால் மதில் ஓரம். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் டவர் 11-க்கு இன்டர்காம் போடப் போனார். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளருக்கு போன் செய்தேன். வயதான அம்மா எடுத்தார். டவர் எண் கேட்டால் பலருக்குச் சட்டென்று வராது, அதனால் நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, வீட்டுக்குப் போக லிஃப்ட்ல எந்த நம்பர் அழுத்துவீங்க?"

"பதினொண்ணு தம்பி."

அவ்வளவுதான், டவர் 1 என்று தெரிந்துவிட்டது. தினமும் கை அழுத்துகிற பொத்தான் யாருக்கும் மறக்காது. அதை விட்டுவிட்டு வெளியே நின்று மாடியை எண்ணிப் பார்ப்பது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் சில இடங்களில் தரைத்தளம் முழுக்க பார்க்கிங், சில இடங்களில் அங்கேயே வீடு இருக்கும், இன்னும் சில இடங்களில் பதின்மூன்றாம் மாடி என்ற ஒன்றே கிடையாது, பன்னிரண்டுக்கு அடுத்து பதினாலு. பிளாக்குக்கு எழுத்து வைத்த வளாகம் என்றால் போனில் பி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். அங்கே "பாம்பே பி-யா, டெல்லி டி-யா" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாடிக்குப் போன பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்துப் பக்கத்து டவர்களைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிக் கட்டியிருப்பார்கள். ஒன்றில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் 04 இடது பக்கம், அடுத்ததில் வலது பக்கம். போதாக்குறைக்கு நம்மைப் போன்றவர்களை அனுப்பும் சர்வீஸ் லிஃப்ட் சில டவர்களில் காரிடாரின் மறுபுறம் திறக்கும். இடம் வலம் என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை, பக்கத்துப் பக்கத்து இரண்டு கதவின் எண்களைப் பார்த்து வரிசை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது பேஸ்மென்ட்தான். பைக்கை அங்கே விடச் சொல்கிறார்கள். எல்லா டவருக்கும் அடியில் ஒரே பார்க்கிங், போனில் சிக்னல் வராது, லிஃப்ட் பக்கம் போகும் கண்ணாடிக் கதவு கார்டு இருந்தால்தான் திறக்கும். டவர் பெயரோ மேலே உச்சியில், சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி எழுதியிருக்கும். கீழே தூணில் பார்க்கிங் எண் மட்டும். வளாக வரைபடம் கிளப் ஹவுஸ் வாசலில் இருக்கிறது, வேலைக்கு வருகிறவர்கள் நுழையும் பின் கேட்டில் இல்லை. அதனால் இறங்குவதற்கு முன்பே டவர், மாடி, கதவு எண் மூன்றையும் கையில் எழுதிக்கொள்கிறேன்.

சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தூணில் டவர் எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள், ஒரு டப்பா பெயிண்ட் போதும். புக் செய்கிறவர்கள் 11104 என்று சேர்த்துப் போடாமல், டவர் 1, மாடி 11, கதவு எண் 1104 என்று பிரித்து எழுதுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவரும் இதே முகவரியைத்தான் படிக்கப்போகிறார்.