'ஓட்ட...' என்பதற்குப் பிறகு

பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கும் ஃபிட்டரிடமிருந்து 19 விநாடி வாய்ஸ் நோட் ஒன்று வந்தது. "அண்ணே, ரெண்டாம் நம்பர்ல சீல் மாத்தியாச்சு. இப்ப அத ஓட்ட..." அதோடு மோட்டார் இரைச்சல் எழும்பியது. அப்படியே நின்றுவிட்டது.

தமிழில் வினை கடைசியில் வருவதுதான் சிக்கல். ஓட்டலாம், ஓட்டக்கூடாது, ஓட்டவேணாம், ஓட்டலாமா என நான்குமே 'ஓட்ட' வரை ஒன்றுதான். எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது முழுதாகக் கிடைத்தது. ஆமா, இல்லையா என்பதுதான் போய்விட்டது.

கூட இருந்தவர் கேட்டுவிட்டு "ஓட்டலாம்னுதான் சொல்றாரு" என்றார். அதன்பின் நான் கேட்டபோது எனக்கும் இரைச்சலுக்குள் ஒரு 'லா' கேட்டது! 1970இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஒரு சொல்லின் நடுவில் இருந்த ஓர் ஒலியை வெட்டி, அந்த இடத்தில் இருமலை வைத்துப் போட்டுக் காட்டினார். கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே சொல் முழுதாக இருப்பதாகச் சொன்னார்கள். இரைச்சல் இருக்கிற இடத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்ளும். அதனால் மூன்றாமவரிடம் எதுவும் சொல்லாமல் இயர்போனைக் கொடுத்து, கேட்டதை எழுதச் சொன்னேன். அவர் 'ஓட்ட' என்பதோடு நிறுத்தினார். முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும்.

சீல் மாற்றியாகிவிட்டது என்பதை நம்பலாம், அது முடிந்த வாக்கியம். ஆனால் சீல் மாற்றியதாலேயே பம்ப் தயார் என்று ஆகாது. அலைன்மென்ட் பார்த்து, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைப் பூட்டி, அதன் மேல் பாதுகாப்பு மூடி மாட்ட வேண்டும். அவை பற்றி நோட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இரைச்சலை வைத்து நானும் ஒரு கணக்குப் போட்டேன்: அவரே ரெண்டாம் நம்பரை ஓட்டிப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று. ஆனால் அந்த அறையில் மூன்று பம்புகள். எந்த மோட்டார் என்பதை ஒரு போன் மைக் சொல்லாது.

திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மேல் டேங்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ரெண்டாம் நம்பர் பிரேக்கரில், யாரும் ஓட்டிவிடாதபடி அவர் போட்ட பூட்டு தொங்கியது. மாற்றுச் சாவி எங்கள் அலமாரியில் இருந்தது, அதுதான் உறுத்தல். பூட்டுப் போட்டவர் வாயால் சொல்லாமல் அதைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தேன். "2ஆம் நம்பரை ஓட்டலாமா, கூடாதா? கப்ளிங் மாட்டியாச்சா?" என்று எழுதி அனுப்பிவிட்டு, பதிவேட்டில் "நோட் 'ஓட்ட' என்பதோடு நிற்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று குறித்தேன்.

இருபது நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். "ஓட்டக்கூடாதுண்ணே, கப்ளிங் போல்ட்டு இன்னும் போடல. ஒண்ணாம் நம்பர் ஆட்டோல ஓட ஆரம்பிச்சிருச்சு, அந்தச் சத்தத்துல விரல் வழுக்கிருச்சு." பொத்தானிலிருந்து விரல் எடுபட்டதும் நோட் தானாகப் போயிருக்கிறது. என் மோட்டார் கணக்கும் தப்பு.

இப்போதெல்லாம் அவர் வாக்கியத்தைப் புரட்டிப் போட்டுப் பேசுகிறார்: "ஓட்டாதீங்கண்ணே, ரெண்டாம் நம்பர."