பதிவேட்டில் என் பெயர் இல்லாத வீடு

2011இல் லண்டனில் உள்ள ஒரு கோயிலில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. பதிவுத் திருமணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அது கடைசிவரை நடக்கவேயில்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பிரிந்தபோதுதான், தாலியும் ஐயர் முன்னிலையில் நடந்த சடங்கும் மட்டும் இருந்தால் இங்கிலாந்துச் சட்டத்தின் பார்வையில் நான் மனைவியே அல்லள் என்று சொலிசிட்டர் சொன்னார். மனைவிக்கு விவாகரத்துச் சட்டம் வீட்டில் பங்கு கேட்கும் வழியைத் தருகிறது. எனக்கு இருந்த வழி கன்ஸ்ட்ரக்டிவ் ட்ரஸ்ட் ஒன்றுதான்: வீடு ஒருவர் பெயரில் இருந்தாலும் அதில் மற்றவருக்கும் பங்கு உண்டு என்று நீதிமன்றம் கருதும் வழி அது.

வீடு 2012இல் என் கணவர் பெயரில் மட்டும் வாங்கப்பட்டது. விலை 3,00,000 பவுண். அதில் 60,000 அவருடைய சேமிப்பு, மீதி 2,40,000 மோட்கேஜ். மாதத் தவணை 1,200 பவுண். என் சம்பளக் கணக்கிலிருந்து மாதம் 700 பவுண் அவர் கணக்குக்கு ஒன்பது ஆண்டுகள் தவறாமல் போனது.

ஒருவர் பெயரில் உள்ள வீடு அவருக்கே முழுவதும் சொந்தம் என்பதே நீதிமன்றத்தின் தொடக்கப்புள்ளி. அப்படியல்ல என்று காட்டும் சுமை என்மேல் இருந்தது. காட்டவேண்டியவை இரண்டு: வீட்டில் இருவருக்கும் பங்கு என்ற பொதுவான எண்ணம் எங்களுக்குள் இருந்தது, அதை நம்பி நான் எனக்குப் பாதகமாக ஏதோ செய்தேன். இவை நிறுவப்பட்டால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், பெயருக்குரியவர் என் பங்கை எனக்காக வைத்திருப்பவராகவே கருதப்படுவார். மோட்கேஜ் தவணைக்கு நேரடியாகப் பணம் கட்டியிருந்தால் அந்த எண்ணத்தை ஊகிக்கலாம் என்று 1990இல் ரொசெற் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் வீட்டுச் செலவும் அந்த அளவுக்கு எடைபோடப்படவில்லை; 19 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த ஒரு பெண் 1984இல் பேர்ன்ஸ் வழக்கில் வெறுங்கையோடு போனதைச் சொலிசிட்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

எனவே அந்த 700 பவுண் எதற்காகப் போனது என்பதே வழக்கின் உயிர்நாடி. அவர் தரப்பு அதை வாடகை என்றது. என் வங்கிக் கூற்றுகளை மேசையில் விரித்துப் பார்த்தபோது, முதல் பதினான்கு மாதங்களும் குறிப்பு இடத்தில் `RENT` என்று நானே தட்டியிருந்தேன். பழைய வாடகை வீட்டுக்கு அமைத்த நிலையான கட்டளையில் கணக்கு எண்ணையும் தொகையையும் மட்டும் மாற்றி, அந்தச் சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன். அதன்பின் `HOUSE` என்று மாறியிருந்தது. அந்த ஓட்டையை அடைக்க உதவியது 2012இல் அவர் எழுதிய ஒரு மின்னஞ்சல்: “உன் வேலை இன்னும் நிரந்தரமாகாததால் இப்போது என் பெயரில் போடுவோம், வீடு எங்கள் இருவருக்கும்தான்.” பெயரைச் சேர்க்காததற்குச் சாக்குச் சொல்வது, மற்றவருக்குப் பங்கே இல்லை என்றால் தேவைப்படாத ஒன்று என்பதால், அதுவும் பொது எண்ணத்துக்குச் சான்றாகலாம்.

வழக்குக்கு முன்பே, காணிப் பதிவேட்டில் படிவம் A கட்டுப்பாடு ஒன்றை இடும்படி `RX1` படிவத்தில் விண்ணப்பித்தோம். அது விற்பனையைத் தடுக்காது. விற்ற பணம் ஒரே ஒருவர் கைக்குப் போகாதபடி இரண்டு பொறுப்பாளர்களிடம் செலுத்தச் செய்யும், அவ்வளவே.

பங்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. 700 பவுண்படி 108 மாதங்களுக்கு 75,600 பவுண் கட்டினேன், அதைத் திருப்பித் தந்தால் போதும் என்று அவர் எண்ணினார். அது கடன் கணக்கு. நான் கேட்டது வீட்டில் பங்கு, வீட்டின் விலை ஏறினால் அதுவும் ஏறும். பாரிஸ்டர் போட்ட முதல் கணக்கு இப்படி: விலையில் மோட்கேஜ் 80 விழுக்காடு, தவணையில் என் பகுதி பன்னிரண்டில் ஏழு, ஆக ஏறத்தாழ 47 விழுக்காடு. ஆனால் 2007இன் ஸ்டாக், 2011இன் ஜோன்ஸ் தீர்ப்புகளின்படி இது வெறும் பெருக்கல் அன்று. அளவைப் பற்றிப் பேசியே இராவிட்டால், இருவரின் முழு நடத்தையையும் பார்த்து எது நியாயமோ அதை நீதிமன்றம் தீர்மானிக்கும். கடன் பொறுப்பு அவர் தலையில் மட்டும் இருந்தது, பிரிந்தபின் தவணையை அவரே கட்டினார், அந்தப் பதினான்கு மாதக் குறிப்பும் இடித்தது. அதனால் மத்தியஸ்தத்தில் 40 விழுக்காட்டுக்கு இறங்கினேன்.

அப்போது வீட்டின் மதிப்பு 4,60,000, மோட்கேஜ் மீதி 1,70,000. எஞ்சிய 2,90,000இல் என் பங்கு 1,16,000 பவுண். அவர் மோட்கேஜை மாற்றி எடுத்து அதைச் செலுத்தினார். பணம் வந்த மறுநாள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன்.