பதினாறு சென்டிமீட்டரும் இருபது நொடியும்: உடற்திறன் தேர்வில் நான் கற்றது

கேரள போலீஸ் கான்ஸ்டபிள் ரேங்க் பட்டியல் வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. என் பெயர் அதில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து அடுத்த முறை போகவிருக்கும் தம்பிகள் சிலர் கேட்டதால், மறப்பதற்கு முன் எழுதிவைக்கிறேன். உடற்திறன் தேர்வின் எட்டு இனங்களில் ஐந்தில் தேற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எழுத்துத் தேர்வைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

முதல் முறை எனக்கு நூறு மீட்டர், உயரம் தாண்டுதல், கிரிக்கெட் பந்து, கயிறு ஏறுதல் ஆகிய நான்கும் கிடைத்தன. ஐந்தாவதாக நம்பிப் போன நீளம் தாண்டுதலில் 457.20 சென்டிமீட்டருக்குப் பதில் 441இல் விழுந்தேன். பதினாறு சென்டிமீட்டர் என்பது நம் ஒரு சாணுக்கும் குறைவு. அதற்காக ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

காரணம் சோம்பல் அல்ல, எதிர்மாறானது. தேர்வுக்கு முந்தைய மூன்று மாதமும் வாரத்துக்கு மூன்று நாள், 60 கிலோ பார்பெல்லைத் தோளில் வைத்து, பத்துப் பத்தாக ஐந்து செட் ஸ்குவாட் செய்தேன். கடைசி இரண்டு ரெப்களில் கால் நடுங்கினால்தான் அன்று உழைத்ததாக நிம்மதி வரும். மறுநாள் மணல் குழிக்கு ஓடி வந்தால் கால் கல்லாய்க் கனக்கும். தாண்டும் பலகையில் பாதம் பதிந்திருப்பது ஏறத்தாழ ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குதான். ஒரு தசை தன் முழு வலுவையும் திரட்ட அதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே எவ்வளவு தூக்க முடிகிறது என்பதோடு, அந்தச் சிறு நேரத்தில் எவ்வளவு வெளிவருகிறது என்பதும் தாண்டும் தூரத்தைத் தீர்மானிக்கிறது. நானோ நாள்தோறும் களைத்த காலால் மெதுவாகத் தள்ளிப் பழகி, மெதுவாகத் தள்ளுவதில்தான் தேர்ச்சி பெற்றிருந்தேன்.

இரண்டாம் முறை எங்கள் ஜிம் அண்ணன் கிளஸ்டர் செட்டுக்கு மாற்றினார். ஒரு செட்டின் ஆறு ரெப்களையும் ஒரே மூச்சில் முடிக்காமல், இரண்டு ரெப் செய்து இருபது நொடி ஓய்வு, மீண்டும் இரண்டு, மீண்டும் இருபது நொடி, கடைசியாக இரண்டு என்று உடைப்பதுதான் அது. வேகமான அசைவுக்குத் தசை நம்பியிருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற கையிருப்பு சில நொடிகளில் கரைந்துவிடும். அரை நிமிட ஓய்வில் ஏறத்தாழப் பாதி திரும்பிவிடும். எனவே சிறு இடைவெளியும் அடுத்த இரண்டு ரெப்களை முதலிரண்டைப் போலவே வேகமாக எழ வைக்கிறது.

அப்போது என் ஒரு ரெப் உச்சம் 90 கிலோ. செய்தது இதுதான்:

1. திங்கள், வியாழன்: 70 கிலோவில் மேற்சொன்னபடி 2+2+2. கிளஸ்டர்களுக்கு இடையே மூன்று நிமிடம். மொத்தம் நான்கு.
2. அதே நாளில் அதற்கு முன்: வெறும் 20 கிலோ கம்பியுடன் ஸ்குவாட் ஜம்ப், மூன்று ரெப், நான்கு செட், இடையில் இரண்டு நிமிடம். ஒவ்வொரு தாவலுக்கும் கால் ஊன்றி நின்று, மறுபடி தொடங்க வேண்டும்.
3. சனி: முப்பது மீட்டர் முழு வேக ஓட்டம் நான்கு, பிறகு பலகைத் தாவல் ஆறு. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றிலும் இறங்குவது நிதானமாக, எழுவது இயன்றவரை வேகமாக. 70 கிலோ வேகமாக நகராது என்றாலும், வேகமாக எழும் முனைப்புடன் தள்ளுவதுதான் பயிற்சி.

இப்போது என் சொந்தத் தவறு. இதைப் பலர் அற்பம் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் மூன்று வாரமும் அந்த இருபது நொடியில் கம்பியைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ரேக்கில் வைத்து மறுபடி எடுப்பது நேர விரயம் என்று நினைப்பு. மூன்றாம் கிளஸ்டரில் மூச்சு முட்டும், முதுகு வளையும், ரெப் இழுபடும். அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டு, "எழுபது கிலோவச் சொமந்துக்கிட்டு நிக்கறதுக்குப் பேரு ஓய்வா தம்பி? கம்பிய ரேக்குல வை, கையக் கீழ விடு" என்றார். வைத்தேன். அன்றைக்கே நான்காம் கிளஸ்டரின் கடைசி ரெப் முதலாவதைப் போல எழுந்தது. கம்பியை வைத்த கணத்திலிருந்துதான் இருபது நொடியை எண்ண வேண்டும். போனை எடுத்துப் பார்த்தால் அது ஒரு நிமிடமாகிவிடும், அதனால் சுவர்க் கடிகாரமே நல்லது.

"போல எழுந்தது" என்பதை நான் மனக்கணக்கில் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டிலில் போனைச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து நொடிக்கு 60 படம் என்ற அமைப்பில் எடுத்து, அடியிலிருந்து நிமிரும் வரை எத்தனை படங்கள் என்று எண்ணினேன். முதல் ரெப் 40 படங்கள். அதே எடையில் ஆறையும் தொடர்ச்சியாகச் செய்தபோது ஆறாவது 54 படங்கள், அதாவது வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழப்பு. உடைத்துச் செய்தபோது ஆறாவது 44 மட்டுமே, இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழ். அதன் பின் 45ஐத் தாண்டிய நாளில் மீதிக் கிளஸ்டர்களை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன், இரண்டும் இரவு சரியாகத் தூங்காத நாட்கள். ஆழம் மாறினால் இந்த எண்ணிக்கைக்குப் பொருளில்லை. தொடை தரைக்கு இணையாக வரும் உயரத்தில் ஒரு மரப்பெட்டியை வைத்து, அதைத் தொட்டுத் தொட்டு எழுந்தேன்.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், எட்டு வாரம் ஸ்குவாட் செய்த இரு குழுக்களில், வேகம் 20 சதவீதம் குறைந்ததும் செட்டை நிறுத்தியவர்களும் 40 சதவீதம் வரை இழுத்தவர்களும் வலுவில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள், செங்குத்துத் தாவலில் முன்னவர்களே மேலோங்கினார்கள். தசைப் பருமன் கூடியது பின்னவர்களுக்குத்தான். காட்டிக்கொள்ளும் தொடை வேண்டுவோருக்கு என் வழி உதவாது.

வேறு யாருக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன் உடல் எடையைக்கூட ஒழுங்காக ஸ்குவாட் செய்ய முடியாதவர் முதலில் சில மாதம் சாதாரண செட்களில் வலுவைச் சேர்க்க வேண்டும். அவரிடம் உடைத்து வைக்க ஒன்றும் இருக்காது. 1500 மீட்டரை 5 நிமிடம் 44 நொடியில் ஓட நினைப்பவருக்கும் இதனால் பெரிய பயனில்லை. நான் அந்த இனத்தை முதலிலேயே கைவிட்டவன், என் சுபாவம் நீண்ட ஓட்டத்துக்கு ஒத்துவராது.

புல்-அப்ஸில்தான் இந்தக் கிளஸ்டர் வழி என்னை ஏமாற்றியது. இரண்டிரண்டாக, பதினைந்து நொடி ஓய்வுடன் பன்னிரண்டு வரை எடுத்தேன், ஆகவே தேர்வுக்கு வேண்டிய எட்டு நிச்சயம் என்று நம்பினேன். தேர்வில் அந்தப் பதினைந்து நொடியை யாரும் தரப்போவதில்லை என்பது கடைசி வாரத்தில்தான் உறைத்தது. களைப்பைத் தாங்கிக்கொண்டு தொடர்வது தனித் திறன், களைப்பைத் தவிர்த்து அதைப் பழக முடியாது. கடைசி மூன்று வாரமாவது இடைவெளி இல்லாமல் தொங்கிப் பழகியிருக்க வேண்டும்.

தேர்வு வாரத்தில் திங்களன்று இரண்டு கிளஸ்டர் மட்டும் செய்தேன், அதன் பின் பார்பெல்லைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பலகையில் கால் சரியாக விழுந்தது, 466 என்று மலையாளத்தில் கூப்பிட்டு எழுதிக்கொண்டார்கள். அதே நாள் புல்-அப்ஸில் ஏழாவதுடன் தொங்கிக்கொண்டிருந்தேன், தாடை கம்பிக்கு மேலே போகவே இல்லை. பழைய நான்கும் இம்முறையும் ஏற்கெனவே கையில் இருந்ததால் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.