மருப்பு என்றால் கொம்பு, எந்தக் கொம்பு?

மட்டக்களப்பில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கிறாள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் ஆராய்ச்சி பற்றி எழுத வேண்டியிருந்ததால், பொருநராற்றுப்படையில் யாழை வருணிக்கும் பகுதியை இருவரும் வாசித்தோம். 'பாம்பு அணந்தன்ன ஓங்கு இரு மருப்பின்' என்ற அடியில் வாசிப்பு நின்றது.

'மருப்பின்' என்று தேடினால் அகராதியில் கிடைக்காது. 'இன்' உருபைக் கழற்றி 'மருப்பு' என்று தேட வேண்டும். அந்தப் பதிவில் விளக்க வாக்கியம் எதுவும் இல்லை. கொம்பு, யானைத்தந்தம் என்று சொற்கள்தான் அடுத்தடுத்து நின்றன.

"கொம்பெண்டா மாட்டுக் கொம்பா, மரக் கொம்பா, மாமா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. பொருளாகத் தந்த சொல்லுக்கே பல பொருள் இருந்தால், அந்தப் பதிவோடு நிறுத்திவிட முடியாது. நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பெயர்களை எல்லாம் செய்யுளில் திரட்டித் தந்தவை. அகராதிகள் அந்தச் செல்வத்தை வாங்கி அகரவரிசையில் அடுக்கின. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அந்த வழியில் முன்னோடி. அதனால்தான் பதிவுகள் இன்றும் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லையே பொருளாக நிறுத்துகின்றன.

எனவே 'கொம்பு' என்ற பதிவுக்குப் போனோம். விலங்கின் கொம்பு, மரக்கிளை, ஊதுகொம்பு என்று அது விரிந்தது. கொம்புக்கு இன்னொரு பெயர் 'கோடு' என்பதால் அதையும் புரட்டினோம். நம் பேச்சில் கோடு என்றால் நீதிமன்றம். அகராதியிலோ மலைச்சிகரம், சங்கு, கரை, மரக்கிளை, விலங்கின் கொம்பு எல்லாம் வந்தன. அந்த வரிசையில் 'யாழ்த்தண்டு' என்றும் ஒரு பொருள் இருந்தது. நாங்கள் தேடியது அதுதான்.

ஆனாலும் உடனே எழுதிக்கொள்ளவில்லை. கோடும் மருப்பும் கொம்பு என்ற பொருளில் ஒன்றுபடுவதால் மற்றப் பொருள்களிலும் ஒன்றுபடும் என்று கொள்ள முடியாது. மருப்பு என்பதற்குக் கரை என்றோ சங்கு என்றோ பொருள் கொண்டால் பிழைதான். அதனால் கிடைத்த ஒவ்வொரு பொருளையும் அடியில் வைத்துப் பார்த்தோம். யாழின் உறுப்புகளைச் சொல்லிவரும் இடத்தில் யானைத்தந்தத்துக்கு வேலையில்லை. மரக்கிளையும் பொருந்தவில்லை. பாம்பு தலையெடுத்தாற்போல ஓங்கி நிற்பது யாழின் தண்டாகத்தான் இருக்க முடியும்.

பக்கத்திலிருந்த 'இரு' என்பதையும் அவளே அப்படிப் பார்த்தாள். இரண்டு என்று வைத்தால், ஒரு பாம்பின் உவமை இரண்டு தண்டுக்கு ஒட்டவில்லை. அகராதியில் 'இருமை' என்ற சொல்லுக்குக் கருமை, பெருமை என்று இருந்தது. கரிய தண்டா, பெரிய தண்டா என்பதை அகராதியால் தீர்க்க முடியவில்லை. பழைய உரையைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.