ஐந்தேகால் ரத்திக்கு இரண்டு எடை

மோதிரத்தில் பதிக்க ஐந்தேகால் ரத்தியில் கனகபுஷ்பராகம் வேண்டும் என்று வீட்டில் முடிவானபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் ரத்தி என்பது குன்றிமணியின் எடை என்பது மட்டுமே. முதலில் கேட்ட வியாபாரி ரத்திக்கு 9,000 ரூபாய் என்று கணக்கிட்டு 47,250 ரூபாய் சொன்னார். மற்றொருவர் ரத்திக்கு 7,000 வீதம் 36,750 ரூபாய்க்கே தருவதாகச் சொன்னார். நிறத்திலும் தெளிவிலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இரண்டாவது கல் கண்ணுக்கே சற்றுச் சிறியதாகப் பட்டது.

சந்தேகத்தில் இரண்டையும் காரட் தராசில் வைக்கச் சொன்னேன். முதல் கல் 4.78 காரட், இரண்டாவது 3.19 காரட். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு காரட் எங்கும் 200 மில்லிகிராம்தான்; ரத்தி அப்படியன்று. தங்க வேலையில் வழங்கிவந்த பழைய ரத்தி, தோலாவில் 96-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 121.5 மில்லிகிராம்; காரட்டில் 0.61-க்குச் சற்றுக் குறைவு. ராசிக்கல் விற்பவர்கள் பலர் கொள்ளும் ரத்தி அதைப்போல் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 0.91 காரட். எந்த ரத்தி என்று கேட்காதவரை 'ஐந்தேகால்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

அதன்பின் மொத்த விலையைக் காரட் எடையால் வகுத்துப் பார்த்தேன். முதல் கல் காரட்டுக்கு ஏறத்தாழ 9,885 ரூபாய். மலிவாகத் தோன்றிய இரண்டாவது 11,520 ரூபாய். தரம் ஒன்றாக இருந்தால் சிறிய கல்லுக்குக் காரட் விலை குறைவாக இருப்பதே வழக்கம் என்பதால், அது இரு வகையிலும் விலை கூடுதல்.

அந்த வழக்கத்தின் மறுபக்கத்தை முதல் வியாபாரியிடமே கண்டேன். ஏறத்தாழ அதே தரத்தில் 5.04 காரட் கல் ஒன்றை அவர் எடுத்துவைத்து, இதற்குக் காரட்டுக்கு 12,000, மொத்தம் 60,480 ரூபாய் என்றார். 0.26 காரட் கூடியதற்கு 13,230 ரூபாய் கூடியிருந்தது. பெரிய, குறையற்ற மூலக்கல் கிடைப்பது அரிது என்பதால் எடை ஏற ஏறக் காரட் விலையும் ஏறுகிறது. ஐந்து போன்ற முழு எண்ணைத் தொடும் இடத்தில், அந்த எண்ணையே கேட்டு வருபவர்களால் அது சட்டென்று தாவுகிறது. 4.78 காரட்டே ராசிக்கல் ரத்தியில் ஐந்தேகால் என்பதால் அந்தத் தாவலுக்குப் பணம் கொடுக்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

வாங்குமுன் கல்லைப் பக்கவாட்டில் பிடித்தும் பார்த்தேன். எடையைக் காப்பதற்காக அடிப்பகுதியைப் பருமனாக விட்டுவிடுவது உண்டு; அந்த எடைக்கும் காரட் விலை கொடுக்கிறோம், மோதிரத்தில் பதித்தபின் அது வெளியே தெரிவதில்லை. இந்தக் கல்லில் அப்படி இல்லை. பதித்துவிட்டால் கல்லைத் தனியே நிறுக்க முடியாது என்பதால், ரசீதில் ரத்தியோடு 4.78 காரட் என்பதையும் எழுதி வாங்கிய பிறகே பதிக்கக் கொடுத்தேன்.