60 × 30 × 20 பெட்டிக்குள் 70 செ.மீ. குச்சி: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

கருவிகள் போட்டு வைக்க ஒரு பிளைவுட் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். உள்ளளவு 60 செ.மீ. நீளம், 30 அகலம், 20 உயரம். பலகை அறுத்த பிறகுதான் என் இரண்டடி ரசமட்டம் நினைவுக்கு வந்தது. இரண்டடி என்றால் 61 செ.மீ. ஒரே ஒரு சென்டிமீட்டரில் கோட்டை விட்டிருக்கிறேன்! குறுக்காகப் போட்டால் தாராளமாக உட்காரும் என்பதால் பலகையை மாற்றவில்லை. ஆனால் குறுக்காக எவ்வளவு நீளம் வரை போகும் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

முதல் ஞாயிறு

கணக்கு சின்னதுதான். அடிப்பலகையின் மூலைவிட்டம் முதலில்: 60-இன் வர்க்கம் 3600, 30-இன் வர்க்கம் 900, கூட்டினால் 4500. வர்க்கமூலம் 67.08. இந்த மூலைவிட்டத்தையும் 20 செ.மீ. உயரத்தையும் இரண்டு பக்கங்களாக வைத்தால் இன்னொரு செங்கோண முக்கோணம் நிமிர்ந்து நிற்கும். அதன் கர்ணம்தான் பெட்டியின் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்புற மேல் மூலைக்குப் போகும் கோடு. 4500 + 400 = 4900. வர்க்கமூலம் சுளையாக 70. அளவுகளை வைக்கும்போது இதை யோசிக்கவே இல்லை, தற்செயலாக அமைந்துவிட்டது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது வேறு. ஒரு முனையை 20 செ.மீ. தூக்கிக் கிடைப்பது மூன்று செ.மீ.கூட இல்லை. நீளமான பக்கத்தின் வர்க்கம்தான் கூட்டுத்தொகையில் பெரும்பங்கு. 3600-க்குப் பக்கத்தில் 400 என்ன பெரிதாகச் சேர்த்துவிடும்? இதே கொள்ளளவைக் கனசதுரமாகச் செய்திருந்தால் பக்கம் 33 செ.மீ. வந்திருக்கும், மூலைவிட்டம் 57 சொச்சம். இப்போதுள்ள பெட்டியின் நீளத்துக்கே அது காணாது.

இரண்டாம் ஞாயிறு

பசை தடவிப் பக்கங்களைப் பொருத்தினேன். உண்மையிலேயே 70 வருகிறதா என்று அளக்க டேப் உதவவில்லை, மூலையில் அதன் கொக்கி மடங்கிக்கொள்கிறது. ஆசாரிகள் செய்வதுபோல இரண்டு மெல்லிய ரீப்பர்களைச் சேர்த்துப் பிடித்து, வெளிமுனைகளைக் கூராகச் சீவி, இரண்டு மூலைகளையும் தொடும் வரை நகர்த்தி, நடுவில் கிளிப் போட்டு வெளியே எடுத்து அளந்தேன்.

70.3 வந்தது. சந்தோஷப்படுவதற்குள் அடுத்த மூலைவிட்டத்தை அளந்தேன், 69.7. கனச்செவ்வகத்துக்கு இப்படிப்பட்ட மூலைவிட்டங்கள் நான்கு, நான்கும் ஒரே நீளம் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு 70.3, இரண்டு 69.7. பக்கத்துத் தெரு ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ளுக்குள்ள என்னத்த அளக்குற? அடியில குறுக்கு பாரு" என்றார். பார்த்தேன். ஒன்று 67.4, மற்றது 66.75. அடிச்சட்டம் செவ்வகமாக இல்லாமல் இணைகரமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு டிகிரிகூட இல்லாத கோணல். மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. நீளமான குறுக்கின் இரண்டு மூலைகளில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினேன். பசை காயாததால் சட்டம் அசைந்துகொடுத்தது. இரண்டு குறுக்கும் 67.1-க்கு வந்ததும் அப்படியே காயவிட்டேன். உள்ளே நான்கும் 70 ஆயின.

மூன்றாம் ஞாயிறு

இன்றைக்குத்தான் நிஜக் குச்சி. 12 மி.மீ. உருண்டை மரக்குச்சியைச் சரியாக 70 செ.மீ.க்கு அறுத்தேன். போகவில்லை. அரை செ.மீ. குறைத்தேன், போகவில்லை. 69-இலும் தட்டியது.

காரணம் தடிமன். 70 என்பது அகலமே இல்லாத கோட்டுக்கான நீளம். தட்டையாக அறுத்த முனை ஒரு வட்டம்; அந்த வட்டத்தின் விளிம்பு அடிப்பலகையையும் இரண்டு பக்கப் பலகைகளையும் தொட்டு நின்றுவிடுகிறது, குச்சியின் நடுக்கோடு மூலையை எட்டுவதில்லை. மேல் முனையிலும் இதே கதை. எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு போட்டேன். ஒவ்வொரு பக்கத்தையும் 70-ஆல் வகுத்து வரும் எண்ணை u என்று வைத்தால்:

```
60: u = 0.857   u·√(1−u²) = 0.44
30: u = 0.429   u·√(1−u²) = 0.39
20: u = 0.286   u·√(1−u²) = 0.27
கூட்டினால் 1.10
```

அதாவது இந்தப் பெட்டியில் குச்சியின் விட்டத்தைப்போல சுமார் 1.1 மடங்கு நீளம் குறையும். 12 மி.மீ. குச்சிக்கு 1.3 செ.மீ. போய் 68.7 மிஞ்சும். 68.6-க்கு அறுத்தேன், உட்கார்ந்தது. 20 மி.மீ. பிவிசி பைப்புக்கு இதே கணக்கில் 67.8. உயரத்தால் கிடைத்த மூன்று செ.மீ.யில் பெரும்பகுதியைப் பைப்பின் தடிமனே தின்றுவிடுகிறது. தடிமன் கூடக்கூட இந்த 1.1 தோராயம்தான், உண்மையில் குச்சி சரியான மூலைவிட்டத் திசையிலிருந்து கொஞ்சம் விலகிப் படுத்து, ஓரிரு மி.மீ. கூடுதலாக இடம் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே விடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கீழ் மூலையைக் குறிவைத்து ஈட்டிபோலச் சாய்வாகச் செருகினேன். மேல் முனைக்குப் பக்கத்தில், பெட்டியின் விளிம்பில் குச்சியின் வயிறு இடித்து நின்றுவிட்டது. நீளம்தான் தப்போ என்று மறுபடி ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அறுக்கவில்லை. குச்சியைப் பெட்டிக்கு மேலே வைத்து, உள்ளே எந்தச் சாய்வில் இருக்கப்போகிறதோ அதே சாய்வில் பிடித்து, செங்குத்தாகக் கீழே இறக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் குச்சி முழுவதும் 60 × 30 செவ்வகத்துக்குள் அடங்கியிருக்கும், எதிலும் இடிக்காது.

அப்புறம் 70 செ.மீ. குச்சியை விட மனசில்லாமல், இன்னொரு துண்டை எடுத்து இரண்டு முனையையும் பென்சில்போலச் சீவினேன். எவ்வளவு கூராக? மூலைவிட்டம் அடிப்பலகையோடு சுமார் 16.6 டிகிரி சாய்வில் இருக்கிறது, மூன்று பலகைகளில் இதுதான் மிகக் குறைந்த சாய்வு. கூம்பு அதைவிட மொட்டையாக இருந்தால் அடிப்பலகையில் உரசும். 12 மி.மீ. குச்சிக்குக் குறைந்தது 2 செ.மீ. நீளத்துக்குச் சீவ வேண்டும் என்று வந்தது; நான் இரண்டரை செ.மீ. சீவினேன். முதலில் 69.8-இல் நின்றது. மூலையில் விரல் விட்டுப் பார்த்தால் காய்ந்த பசை ஒரு மணிபோலத் திரண்டிருந்தது. உளியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இறக்கினேன். மேல் கூர் விளிம்போடு சமமாக நின்றது. மேலே ஒரு பிளைவுட் துண்டை மூடிபோல வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

ரசமட்டம் இன்னும் வெளியே சுவரில்தான் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த வாரம் மூடிக்குக் கீல்.